கட்டில் விற்க ஒரு பக்கம்: விளம்பர ஏஜென்சிக்கு என்ன எழுதித் தர வேண்டும்?

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் என நான்கு ஊர்களில் கடை வைத்திருக்கும் ஒரு மரச்சாமான் நிறுவனம். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. முதலாளி சென்னையில் உள்ள விளம்பர ஏஜென்சிக்குப் போன் செய்கிறார். "ஆவணிக்கு ஒரு விளம்பரம் வேணும் தம்பி. கல்யாண சீசன். பிரமாண்டமா இருக்கணும். நம்ம கடையில எல்லாம் கிடைக்கும்னு ஜனங்களுக்குத் தெரியணும். தரம், விலை, சர்வீஸ் மூணும் வந்துரணும். கடை பேரு பெருசா இருக்கட்டும்."

பத்து நாளில் விளம்பரம் வருகிறது. வெளிநாட்டு வீட்டுக் கூடம் ஒன்றின் படம். நடுவில் சாம்பல் நிற சோபா. மேலே 'உங்கள் கனவு இல்லத்துக்கு' என்று ஒரு வரி. அந்த சோபா கடையில் இல்லை. கல்யாண வீட்டார் கேட்டு வரும் கட்டிலும் பீரோவும் படத்தில் இல்லை. "இது நம்ம கடை மாதிரியே இல்லையே" என்கிறார் முதலாளி. படம் மாறுகிறது, நிறம் மாறுகிறது, வரி மாறுகிறது. ஐந்தாவது திருத்தத்தில் இரண்டு தரப்பும் களைத்துப்போக, பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டிய நாளும் வந்துவிட, கையில் இருப்பதே அச்சாகிறது.

இது ஏதோ ஒரு கடையின் கதை அன்று. பல கடைகளில் நடப்பதை வைத்து விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. கீழே இந்தக் கடைக்காக வரும் எண்களும் அப்படித்தான். ஆனால் கோளாறு எங்கே என்பது உண்மையானது. ஏஜென்சியில் இருப்பவர்களுக்குத் திறமை இல்லாததால் இப்படி நடப்பது குறைவு. முதலாளி மட்டுமே எடுக்கக்கூடிய சில முடிவுகளை அவர் எடுக்காமலே வேலையை ஒப்படைத்துவிட்டார். அந்த வெற்றிடத்தை ஏஜென்சி தன் ஊகத்தால் நிரப்பியது.

அந்த முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதித் தருவதற்குப் பெயர்தான் கிரியேட்டிவ் பிரீஃப். விளம்பர உலகத்தில் சுருக்கமாக 'பிரீஃப்' என்பார்கள். 2021இல் 'பெட்டர்பிரீஃப்ஸ்' என்ற ஆய்வு பல நாடுகளில் விளம்பரம் கேட்பவர்களிடமும் செய்து தருபவர்களிடமும் இதைப் பற்றிக் கேட்டது. நாங்கள் நல்ல பிரீஃப் எழுதுகிறோம் என்று கேட்பவர்களில் 80 சதவீதம் பேர் சொன்னார்கள். அதை ஒப்புக்கொண்ட ஏஜென்சிக்காரர்கள் 10 சதவீதம் பேர்தான். எழுதியவருக்குத் தெளிவாகத் தெரிவது படிப்பவருக்குத் தெளிவாக இல்லை என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது. கடைக்காரருக்குத் தன் கடையைப் பற்றி எல்லாம் தெரியும். அதனாலேயே எதையெல்லாம் சொல்லாமல் விட்டோம் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

நமது நெல்லைக் கடைக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதிப் பார்ப்போம்.

பில் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

பிரீஃபின் முதல் வரி, இந்த விளம்பரம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்பது. 'விற்பனை கூட வேண்டும்' என்பது சிக்கல் ஆகாது, அது ஆசை. விற்பனை எந்த இடத்தில் நழுவுகிறது என்று சொன்னால்தான் ஏஜென்சி அந்த இடத்தில் கைவைக்க முடியும். அதற்குக் கடந்த ஆண்டின் பில் புத்தகத்தையும், விற்பனைப் பிள்ளைகள் விசாரிப்புகளைக் குறித்து வைக்கும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார வேண்டும்.

நம் கடையில் உட்கார்ந்தபோது கிடைத்தது இது. கடந்த ஆவணிக்காகக் கல்யாணச் சாமான் பார்க்க 1,000 குடும்பங்கள் வந்திருக்கின்றன. 390 குடும்பங்கள் வாங்கியிருக்கின்றன. இதோடு நிறுத்தியிருந்தால் 'விலை அதிகமோ' என்ற சந்தேகம்தான் மிஞ்சியிருக்கும். ஆனால் அவர்கள் வந்த தேதியையும் கல்யாணத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது வேறொன்று தெரிந்தது. 700 குடும்பங்கள் முகூர்த்தத்துக்குக் கடைசி 15 நாளில் வந்தவை. அவர்களில் வாங்கியவர்கள் 210 பேர், அதாவது 100க்கு 30. முன்னதாகவே வந்த 300 குடும்பங்களில் வாங்கியவர்கள் 180 பேர், அதாவது 100க்கு 60.

காரணத்தை விற்பனைப் பிள்ளைகளே சொல்கிறார்கள். விரும்பிக் கேட்கும் கட்டில், பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள் செட் ஒரே பாலிஷில் வேண்டுமென்றால் பட்டறையில் 25 நாள் ஆகும். கடைசி நேரத்தில் வருகிறவருக்கு இருப்பில் உள்ளதைத்தான் காட்ட முடியும். "தேதிக்கு வந்து சேருமா?" என்று கேட்பார்கள். உறுதியான பதில் இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

இப்போது சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதலாம்: 'கல்யாண வீட்டார் தாமதமாக வருகிறார்கள். அதனால் அவர்கள் விரும்புவதை நம்மால் கொடுக்க முடிவதில்லை.' விளம்பரத்தின் வேலையும் தெளிவாகிவிட்டது. அவர்களை முகூர்த்தத்துக்கு 45 நாள் முன்பே கடைக்கு வரவழைக்க வேண்டும். பிரமாண்டம், கனவு இல்லம் எதுவும் இந்த வேலைக்கு உதவாது என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது.

எவ்வளவு செலவு செய்யலாம் என்பதும் இதே கணக்கிலிருந்து வரும். அதே 1,000 குடும்பங்களில் பாதிப் பேர் முன்னதாக வந்தால் 300 பேரும், மீதிப் பாதியில் 150 பேரும் வாங்குவார்கள். மொத்தம் 450. கடந்த ஆண்டைவிட 60 குடும்பங்கள் கூடுதல். சராசரி பில் 65,000 ரூபாய் என்றால் கூடுதல் விற்பனை 39 லட்சம். அதில் கடைக்கு நிற்கும் லாபம் 25 சதவீதம் என்றால் ஏறத்தாழ 9.75 லட்சம். ஆகவே விளம்பரத்துக்கு 6 லட்சம் வரை செலவிடுவதில் நியாயம் இருக்கிறது, 12 லட்சத்தில் இல்லை. ஆனால் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். முன்னதாக வருகிறவர்கள் இயல்பாகவே வாங்கும் முடிவோடு வருகிறவர்களாக இருக்கலாம். விளம்பரம் பார்த்து வருகிறவர்கள் அதே 60 சதவீதம் வாங்குவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் லாபம் முழுவதையும் விளம்பரத்தில் போடாமல் இடைவெளி விட்டு வைக்கிறோம்.

பட்ஜெட்டை ஏஜென்சியிடம் மறைக்கும் வழக்கம் பல முதலாளிகளுக்கு உண்டு. சொன்னால் முழுவதையும் செலவழித்துவிடுவார்கள் என்ற பயம். மறைத்தால் நடப்பது வேறு. 40 விநாடி டிவி படத்துக்கான அருமையான யோசனையோடு வருவார்கள். அதை எடுக்கப் பணம் இருக்காது. யோசனையை வெட்டிக் குறைத்து எடுத்தால் எதற்கும் பயன்படாது. எனவே எழுதிவிடுங்கள்: மொத்தம் 6 லட்சம். பத்திரிகை, எஃப்.எம்., கேபிள் டிவி, சமூக ஊடக இடங்களுக்கு 4.2 லட்சம். படப்பிடிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் 1.2 லட்சம். ஏஜென்சி கட்டணம் 60,000.

யாரிடம் பேசுகிறோம்?

'எல்லா வயதினரும்' என்று எழுதுவது எதையும் எழுதாமல் விடுவதற்குச் சமம். கல்யாணச் சாமானில் இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். பணம் கொடுப்பவர் ஒருவர், படுத்து உறங்கப் போகிறவர் வேறொருவர், வந்து பார்த்துப் பேசப் போகிறவர்கள் இன்னும் சிலர். பெண்ணின் அப்பா விலை கேட்பார். அம்மா பீரோவின் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார், லாக்கர் எங்கே என்பார். கல்யாணப் பெண் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி "இந்த மாதிரி இருக்கா?" என்று கேட்பாள். சாமான் போய்ச் சேர வேண்டிய இடம் பெண் வீடு அல்ல. மாப்பிள்ளை வீடு, அல்லது இருவரும் குடியேறப் போகும் வாடகை வீடு.

இவர்களில் யாருடைய மனத்தை மாற்றினால் குடும்பம் முன்னதாகக் கிளம்பும்? நம் கடையின் விற்பனைப் பிள்ளைகளைக் கேட்டால் பெண்ணின் அம்மா என்பார்கள். மண்டபம், சமையல், நகை, புடவை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருப்பவர் அவர். அந்த வரிசையில் கட்டில் பீரோ கடைசியில் இருக்கிறது, 'அது கடைக்குப் போனா அன்னைக்கே எடுத்துடலாம்' என்ற எண்ணத்தால். எனவே பிரீஃபில் இப்படி எழுதலாம்:

'மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான தாய். 45 முதல் 55 வயது. நான்கு மாவட்டங்களில் ஊரிலும் சிறு நகரத்திலும் இருப்பவர். நகைக்கும் மண்டபத்துக்கும் முன்பே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். மரச்சாமானைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாமான் குறைந்தாலும் அது தன் தலையில்தான் விழும் என்ற கவலை அவருக்கு உண்டு.'

ஒரு காப்பிரைட்டர் இதைப் படித்தால் அந்த அம்மாவின் குரல் காதில் விழும். '25 முதல் 60 வயது வரை, ஆண் பெண் இருபாலர், நடுத்தர வருமானம்' என்று படித்தால் எதுவும் விழாது.

இங்கே ஒரு எல்லையையும் எழுதி வைக்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சணையைத் தடைசெய்கிறது. பெற்றோர் விருப்பத்தோடு மகளுக்குக் கொடுக்கும் சீரை விளம்பரத்தில் காட்டலாம். மாப்பிள்ளை வீட்டார் பட்டியல் போட்டுக் கேட்பது போலவோ, சாமானைப் பார்த்த பிறகு மாமியார் முகம் மலர்வது போலவோ காட்சி வைக்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மகளைக் கட்டிக் கொடுக்கும் ஒரு தாயின் அச்சத்தைக் கிளறி வியாபாரம் செய்வது தவறு. ஏஜென்சிக்கு இது தானாகவே புரியும் என்று விட்டுவிட வேண்டாம். நகைச்சுவைக் காட்சி என்ற பெயரில் முதலில் வந்து நிற்கும் யோசனை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு வாக்குறுதி

பிரீஃபில் மிகக் கடினமான வரி இது. பார்க்கிறவர் மனத்தில் தங்க வேண்டிய ஒரே விஷயம் எது? தரம், விலை, சர்வீஸ் மூன்றும் வேண்டும் என்று முதலாளி கேட்டது இயல்புதான், மூன்றுக்காகவும் அவர் உழைக்கிறார். ஆனால் எல்லாக் கடைகளும் அதே மூன்றைத்தான் சொல்கின்றன. தவிர, தரமும் விலையும் ஒரு தாயை 45 நாள் முன்பே கிளப்பிவிடாது. கடைசி வாரத்தில் வந்தாலும் அதே தரம், அதே விலைதானே?

முன்னதாக வருபவருக்கு மட்டும் கிடைக்கக்கூடியது என்ன என்று தேட வேண்டும். நம் கடையில் அது 'தேதி'. முதலாளி முதலில் சொன்ன வாக்கு, 'கல்யாணத்துக்கு முந்தின நாள் சாமான் வீட்டில் இருக்கும்' என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. காப்பாற்ற முடியுமா என்று பிரீஃப் எழுதும்போதே கணக்குப் போட வேண்டும்.

கடையில் நான்கு வண்டிகள். ஒரு வண்டி ஏற்றி, இறக்கி, ஆசாரி வைத்துப் பொருத்திவிட்டு வர ஒரு நாளைக்கு மூன்று வீடுதான் முடியும். நான்கு வண்டிக்கும் சேர்த்து 12 வீடு. ஆவணியில் பெரிய முகூர்த்தம் ஒன்றுக்கு 50 குடும்பங்கள் வரை ஒரே தேதியைச் சொல்லலாம். முந்தின நாள் என்று வாக்குக் கொடுத்தால் 38 வீடுகளில் வாக்குத் தவறும். விளம்பரம் நன்றாக வேலை செய்தால் கடையின் பெயர் அந்த அளவுக்கு வேகமாகக் கெடும்.

வாக்கைக் கொஞ்சம் மாற்றுகிறோம்: 'முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பே, மாப்பிள்ளை வீட்டில் பொருத்தி முடித்திருப்போம்.' இப்போது அதற்கு முந்தைய ஐந்து நாள்களில் வேலையைப் பரப்பிக்கொள்ளலாம். ஐந்து நாளுக்கு 12 வீதம் 60 வீடு. 50 குடும்பங்களைத் தாங்கும், பத்து வீட்டுக்கு இடைவெளியும் மிஞ்சும். வாடிக்கையாளருக்கும் முந்தைய வாக்கைவிட இது நல்லது. ஏதாவது கீறலோ குறையோ இருந்தால் மாற்றித் தர நாள் இருக்கிறது. இரண்டு முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தால் இந்தக் கணக்கு இறுகும். அந்தத் தேதிகளுக்கு மட்டும் 60 முன்பதிவு ஆனதும் நிறுத்திவிட வேண்டும் என்பதையும் எழுதி வைக்கிறோம். சென்னை, கோவை, பெங்களூரு வீடுகளுக்கு இந்த வாக்குப் பொருந்தாது. நான்கு மாவட்டங்களுக்கு மட்டும்.

பிரீஃபில் அந்த வரி இப்படி அமைகிறது: '45 நாள் முன்பே பதிவு செய்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த செட் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பே மாப்பிள்ளை வீட்டில் தயாராக இருக்கும்.'

இதை விளம்பர வாசகம் என்று நினைத்துவிடக் கூடாது. இது சொல்ல வேண்டிய செய்தி. எப்படிச் சொன்னால் மனத்தில் நிற்கும் என்பதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கிறோம். வாசகத்தையும் காட்சியையும் கடைக்காரரே எழுதிக் கொடுத்தால், ஏஜென்சி வெறும் டி.டி.பி. வேலை செய்யும் இடமாகிவிடும்.

செய்திக்குக் கீழே, அதை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கான சான்றுகளை இரண்டு மூன்று வரியில் கொடுங்கள். நம் கடைக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. சொந்த வண்டியும், மாதச் சம்பளத்தில் ஆசாரிகளும் இருக்கிறார்கள். பதிவு செய்யும்போது முகூர்த்தத் தேதியைப் பில்லிலேயே எழுதிக் கொடுக்கிறோம். இவை மூன்றும் போதும். '1987 முதல் மக்கள் சேவையில்' போன்ற வரிகள் வேறொரு விளம்பரத்துக்கு உதவலாம், இங்கே தேதிக்குச் சான்றாகாது.

பின்னிணைப்பில் சரக்கின் உண்மை

முதல் பக்கம் யோசனைக்கு. அதோடு இணைக்கும் தாள் உண்மைக்கு. மரச்சாமான் விளம்பரங்களில் பயன்படாமல் போகும் வேலைகளில் பெரும்பகுதி இந்தத் தாள் இல்லாததால் வீணாகிறது. யோசனை நன்றாக இருக்கும், ஆனால் படத்தில் உள்ள கட்டில் நின்றுபோன மாடலாக இருக்கும்.

விளம்பரத்தில் காட்டக்கூடிய சாமான்களை ஆறு ஏழோடு நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். கடையில் அதை அழைக்கும் பெயர், மாடல் எண், அளவு, எந்த மரம், விலை, கையிருப்பு, செய்து தர ஆகும் நாள். கூடவே கடையிலேயே எடுத்த படம் ஒன்று. செல்போன் படமானாலும் போதும். ஏஜென்சி இணையத்தில் வாங்கிய படத்தை வைக்கக் கூடாது, நம் சாமானைத்தான் படம் எடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

மரத்தைப் பற்றிய வரியில் கவனம் வேண்டும். கட்டிலின் கால்களும் சட்டமும் தேக்கு, தலைமாட்டுப் பலகையும் அடிப்பலகையும் பிளைவுட் என்றால் அப்படியே எழுத வேண்டும். வெறுமனே 'தேக்குக் கட்டில்' என்று கொடுத்தால், காப்பிரைட்டர் 'முழுக்க முழுக்கத் தேக்கு' என்று எழுதிவிடுவார். அவருக்குத் தெரியாது. பீரோ மரத்தூள் அட்டையில் தேக்கு நிறத் தாள் ஒட்டியதென்றால் அதைத் 'தேக்கு' என்றே சொல்லக் கூடாது.

சட்டமும் இங்கே வருகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். 2022இல் வந்த வழிகாட்டு நெறிகள் இன்னும் நுணுக்கமாகச் சொல்கின்றன. குறைந்த விலையைக் காட்டி ஆளை வரவழைத்தால் அந்த விலையில் கொடுப்பதற்குப் போதிய சரக்கு இருக்க வேண்டும். நிபந்தனை வரியை, விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் போட வேண்டும். தமிழில் 'ரூ.18,000 முதல்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒளிப்பது சரியாகாது. எனவே 'நான்கு மாவட்டங்களுக்கு மட்டும், 45 நாள் முன்பதிவுக்கு மட்டும்' என்ற நிபந்தனையைத் தமிழில், படிக்கக்கூடிய அளவில் போட வேண்டும் என்று பிரீஃபிலேயே சொல்லிவிடுகிறோம்.

அடுத்து, என்னென்ன வடிவங்களில் வேலை வேண்டும் என்ற பட்டியல். நாளிதழின் மாவட்டப் பதிப்பில் கால் பக்கம், எஃப்.எம்.முக்கு 20 விநாடி, வாட்ஸ்அப் ஸ்டேட்டசுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நெட்டையான வடிவில் 30 விநாடி வீடியோ, கடைவாசல் பேனர். இதை முதலிலேயே சொன்னால் ஒரே படப்பிடிப்பில் நெட்டையாகவும் அகலமாகவும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு சொன்னால் அகலப் படத்தை வெட்டுவார்கள், கட்டிலின் பாதி காணாமல் போகும். வானொலி வசனம் தமிழிலேயே எழுதப்பட வேண்டும், நெல்லைப் பக்கம் பேசுகிறவர் ஒருவர் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதும் இந்தப் பட்டியலில் இருக்கட்டும். பேனரின் மூலக் கோப்பு நமக்குத் தரப்பட வேண்டும் என்று எழுத மறக்காதீர்கள். இல்லையென்றால் நாளை போன் எண் மாறினால்கூட ஏஜென்சியைத்தான் தேடிப் போக வேண்டும்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஆவணி ஆகஸ்ட் 17 வாக்கில் பிறக்கிறது. ஆகஸ்ட் 27 அன்று ஒரு முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். 45 நாள் முன்பு என்றால் ஜூலை 13. அதாவது ஆடி பிறக்கும் முன்பே பதிவு நடக்க வேண்டும். ஆடியில் புதிதாக எதையும் தொடங்கத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு ஆனியிலேயே செய்தி போய்ச் சேர வேண்டும்.  ஆகவே விளம்பரம் ஜூலை 1 அன்று தொடங்கியாக வேண்டும். 'ஆவணி விளம்பரம்' என்றே பேசிக்கொண்டிருந்தால் ஆகஸ்டில் வெளியிட்டிருப்போம். அப்போது அது சொல்லும் 45 நாள் யாருக்கும் பொருந்தாது.

ஜூலை 1இலிருந்து பின்னால் வாருங்கள். ஜூன் 25க்குள் எல்லாக் கோப்புகளும் தயார். ஜூன் 10 முதல் 15 வரை படப்பிடிப்பு. ஜூன் 5க்குள் யோசனைக்கு ஒப்புதல். மே 31 அன்று ஏஜென்சி யோசனைகளைக் காட்டுகிறது. எனவே பிரீஃப் மே 15 அன்று கைக்குப் போக வேண்டும். யோசிக்க இரண்டு வாரம் கொடுத்திருக்கிறோம். இரண்டு நாள் கொடுத்தால் இணையப் படமும் கனவு இல்லமும்தான் வரும்.

தேதிகளுக்குப் பக்கத்தில், ஒப்புதல் தருபவர் யார் என்று ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். குடும்ப நிறுவனங்களில் இது சங்கடமான வரி. அண்ணன் சரி என்பார். தம்பி நிறம் பிடிக்கவில்லை என்பார். வெளியூரில் படிக்கும் பிள்ளை கடைசி நாளில் பார்த்துவிட்டுப் பழைய ஸ்டைல் என்பான். எல்லோரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் அந்தக் கருத்துகளை வீட்டுக்குள்ளேயே பேசி முடித்து ஒரே குரலில் ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டியவர் அந்தப் பெயருக்குரியவர். கருத்துச் சொல்லப் போகிறவர்கள் பிரீஃபை மே மாதத்திலேயே படித்திருக்க வேண்டும். படிக்காமல் ஜூனில் வந்து சொல்லப்படும் கருத்துதான் ஐந்தாவது திருத்தத்துக்குக் காரணம்.

கையில் கொடுத்த பிறகு

பிரீஃபை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்தாதீர்கள். ஏஜென்சியில் நம்மோடு பேசுகிறவர் ஒருவர், விளம்பரத்தை எழுதுகிறவரும் வரைகிறவரும் வேறு இருவர். அந்த இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொல்லுங்கள். ஓரமாக நின்று, ஒரு குடும்பம் எப்படிக் கட்டில் பார்க்கிறது என்று அவர்கள் கவனிக்கட்டும். ஆசாரியிடமும் வண்டி ஓட்டுநரிடமும் பேசட்டும். மூன்றாவது மாடிக்குப் பீரோ ஏற்றிய கதையை ஓட்டுநர் சொல்வதிலிருந்து வானொலி விளம்பரமே பிறக்கலாம்.

அன்றைக்கே அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: "நாங்க என்ன கேட்டிருக்கோம்னு உங்க வார்த்தையில ஒரு தடவை சொல்லுங்க." 'கல்யாண சீசனுக்கு ஒரு நல்ல விளம்பரம்' என்று பதில் வந்தால் பிரீஃப் போய்ச் சேரவில்லை. 'பெண்ணின் அம்மாவை 45 நாள் முன்பே கடைக்கு வரவைக்கணும்' என்று வந்தால் சேர்ந்துவிட்டது.

மே 31 அன்று யோசனைகளைப் பார்க்கும்போது மேஜையில் பிரீஃபை வைத்துக்கொண்டு பாருங்கள். பிடித்திருக்கிறதா என்ற கேள்வி இரண்டாவது. முதலில் கேட்க வேண்டியவை வேறு. அந்தத் தாய் இதைப் பார்த்தால் தன்னைப் பற்றியது என்று உணர்வாரா? சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தோன்றுமா? கடையின் பெயரை விரலால் மறைத்தால் இது வேறெந்தக் கடைக்கும் பொருந்துமா? பொருந்தினால் அந்த யோசனை இன்னும் நம்முடையதாகவில்லை.

குறை சொல்லும்போது, குறையை மட்டும் சொல்லுங்கள், தீர்வைச் சொல்லாதீர்கள். 'தேதியை இன்னும் பெரிதாக்கி சிவப்பில் போடுங்கள்' என்றால் அதைச் செய்து தருவார்கள், அத்தோடு முடிந்தது. 'முதல் பார்வையில் 45 நாள் என்பது கண்ணில் படவில்லை' என்றால் எழுத்தை மாற்றலாம், படத்தை மாற்றலாம், யோசனையையே மாற்றலாம். எது சிறந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை அவர்களிடம் இருக்கும். எழுதப்பட்ட பிரீஃபுக்குப் பொருந்தாத வேலையை ஏஜென்சி தன் செலவில் திருத்த வேண்டும். நடுவில் நாம் பிரீஃபை மாற்றினால், புதிய பிரீஃபை எழுதிக் கொடுத்து, கூடுதல் வேலைக்குக் கூலியும் நாம் தர வேண்டும். இந்த ஒழுங்கை முதலிலேயே பேசிக்கொண்டால் உறவு கெடாது.

விளம்பரம் வெளியான பிறகு, கல்யாணச் சாமான் பார்க்க வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் பில் கவுன்டரில் இரண்டு கேள்வி கேட்டு எழுதி வைக்க வேண்டும்: முகூர்த்தம் எப்போது, எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்? வாங்காமல் போகிறவர்களிடமும் விற்பனைப் பிள்ளைகள் இதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். புரட்டாசியில் கல்யாணங்கள் ஓய்ந்ததும் கணக்கை விரித்துப் பாருங்கள். முன்னதாக வந்தவர்கள் 300லிருந்து எவ்வளவுக்கு உயர்ந்தார்கள்? அவர்களில் 100க்கு 60 என்ற விகிதம் நின்றதா, குறைந்ததா? எத்தனை வீடுகளில் மூன்று நாள் வாக்குத் தவறியது? நிறையப் பேர் முன்னதாக வந்தும் வாங்கவில்லை என்றால் விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது, குறை கடைக்குள் இருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் வாங்கியும் வருகை உயரவில்லை என்றால் செய்தியையோ, அது போய்ச் சேர்ந்த இடத்தையோ மாற்ற வேண்டும். இந்த விடைகளை அதே பிரீஃபின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். தை முகூர்த்தங்களுக்கு ஏஜென்சியை அழைக்கும்போது, அடுத்த பிரீஃபின் முதல் வரி அங்கே தயாராக இருக்கும்.